பாதி, பாதியில் பாதி: தற்கருவுறுதலும் தூய வழி உருவாகும் விதமும்



மரபியல் பாடத்தில் ஒரு வரி வரும்: “தற்கருவுறுதலால் ஹெட்டரோசைகஸ் நிலை ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும்.” சின்ன வரிதான். மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் போதும், விடைத்தாளில் தடுமாற்றம் தெரியும். F2-வில் 25 விழுக்காடு என்று சிலர் எழுதுகிறார்கள். ஒடுங்கு மரபணு மறைந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆறு தலைமுறை முடிந்தால் செடி முழுக்கத் தூய்மையாகிவிடும் என்று இன்னும் சிலர்.

ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “சார், பாதி பாதியா குறைஞ்சுக்கிட்டே போனா, அந்த சின்ன a கடைசியில எங்க போகும்?” நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கான பதில்தான். அந்தப் பதில் புரிந்துவிட்டால், பயிர் விஞ்ஞானிகள் தூய வழிகளை எப்படி உருவாக்குகிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

ஒரு சோளக் கதிரிலிருந்து தொடங்குவோம்

பச்சைப் பட்டாணியை வைத்தே எல்லாரும் சொல்லித் தருகிறோம். இந்த முறை மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். நம் பேச்சில் வெறும் சோளம். ஒரு கதிரில் பல நூறு மணிகள் இருக்கும். ஒவ்வொரு மணியும் தனித்தனிக் கருவுறுதலில் பிறந்த ஒரு பிள்ளை. ஆக, ஒரு கதிரைக் கையில் எடுத்தாலே ஒரு குடும்பம் முழுவதையும் எண்ணிவிடலாம்.

இரவுச் சந்தையில் வாங்கும் இனிப்புச் சோளத்தின் பழைய வகை ஒன்றில், இனிப்புக்குக் காரணம் ஓர் ஒடுங்கு மரபணு. மணி காய்ந்ததும் அதன் விளைவு கண்ணுக்கே தெரியும். மாவுச்சத்து நிறைந்த மணி வழவழப்பாக, பூரித்து இருக்கும். இனிப்பு மணி சுருங்கிச் சுருக்கம் விழுந்து கிடக்கும். மரபியலாளர்கள் இந்த இரண்டு வடிவங்களையும் Su, su என்று எழுதுவார்கள். நாம் எளிமைக்காக A, a என்று வைத்துக்கொள்வோம். A ஓங்கு வடிவம், வழவழப்பு. a ஒடுங்கு வடிவம், சுருக்கம்.

இரண்டு சொற்களையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்வோம். Aa என்று இரு வேறு வடிவங்கள் சேர்ந்திருப்பது ஹெட்டரோசைகஸ். அதைக் கலப்பிணை என்று சொல்கிறேன். AA, aa என்று ஒரே வடிவம் இரண்டு முறை இருப்பது ஹோமோசைகஸ். அதை ஒத்திணை என்று சொல்கிறேன்.

ஏன் சரியாகப் பாதி?

ஒரு Aa செடியின் மகரந்தத்தை அதே செடியின் கதிரில் தூவுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தத்தில் பாதி A-வைச் சுமக்கும், பாதி a-வைச் சுமக்கும். சூல்களிலும் அப்படியே. நான்கு சேர்க்கைகள் சம வாய்ப்பில் நடக்கும். விளைவு நமக்குத் தெரிந்ததுதான்: ¼ AA, ½ Aa, ¼ aa. கதிரில் 400 மணிகள் இருந்தால் ஏறக்குறைய 100 மணிகள் சுருக்கம், 300 மணிகள் வழவழப்பு. அந்த 300-இல் 100 மட்டும் AA, மீதி 200 Aa.

இப்போது அந்த 400 மணிகளையும் விதைத்து, ஒவ்வொரு செடியையும் மறுபடி தற்கருவுறச் செய்கிறோம். AA செடி AA-வை மட்டுமே தரும். aa செடி aa-வை மட்டுமே தரும். அவை இனி எத்தனை தலைமுறை போனாலும் அப்படியே இருக்கும், திரும்பிக் கலப்பிணை ஆகவே முடியாது. Aa செடிகள் மட்டும்தான் இன்னும் பிரியும். அவற்றின் பிள்ளைகளிலும் பாதிதான் Aa.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கலப்பிணையிலிருந்து ஒத்திணைக்குப் போக வழி உண்டு. ஒத்திணையிலிருந்து கலப்பிணைக்குத் திரும்ப வழி இல்லை. ஒருவழிக் கதவு மாதிரி. ஒவ்வொரு தலைமுறையும் உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் கதவைத் தாண்டி வெளியே போகிறார்கள். யாரும் திரும்பி வருவதில்லை. அதனால்தான் ½, ¼, ⅛ என்று இறங்குகிறது.

சூத்திரமாக எழுதினால்:

```
H(n) = H(0) × (1/2)^n
```

இதில் n என்பது எத்தனை முறை தற்கருவுறுதல் நடந்தது என்பதன் எண்ணிக்கை. F-க்குப் பின்னால் வரும் எண் அல்ல! F1 என்பது இரண்டு பெற்றோரைக் கலந்து கிடைத்த தலைமுறை. பெற்றோர் வேறுபடும் எல்லா இடங்களிலும் அது 100 விழுக்காடு கலப்பிணை. இன்னும் ஒரு தற்கருவுறுதலும் நடக்கவில்லை, n = 0. F2-வில் n = 1, ஆகவே 50 விழுக்காடு. F3-இல் 25. F6-இல் n = 5, ஆகவே 3.125 விழுக்காடு. F-இன் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் n கிடைக்கும். F2-வுக்கு 25 என்று எழுதும் தவறு இங்கேதான் பிறக்கிறது.

மெண்டலே போட்ட கணக்கு

இந்தக் கணக்கைப் பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1866-இல் அச்சான கட்டுரையிலேயே மெண்டல் இதைப் போட்டுவிட்டார். பட்டாணி தானாகவே தற்கருவுறும் செடி என்பதால் அவருக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே வந்தது.

அவர் முதலில் உருண்டை விதைகளைச் சோதித்தார். 565 உருண்டை விதைகளை நட்டு வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் உருண்டையும் சுருக்கமும் கலந்து தந்தன. ஏறக்குறைய 1 : 2. வெளியே ஒரே மாதிரி தெரியும் உருண்டை விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளுக்குள் கலப்பிணை என்று இதிலிருந்து தெரிந்தது.

பிறகு ஒவ்வொரு செடியும் நான்கு விதை தருவதாக வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கணக்கிட்டார். n-ஆவது தலைமுறையில் கிடைக்கும் விகிதம்:

```
AA : Aa : aa = (2^n − 1) : 2 : (2^n − 1)
```

n = 1 என்று போட்டுப் பாருங்கள், 1 : 2 : 1 வரும். n = 10 என்று போட்டால் 1023 : 2 : 1023. அதாவது 2048 செடிகளில் கலப்பிணை வெறும் இரண்டு. 2-ஐ 2048-ஆல் வகுத்தால் 1/1024. அது (1/2)-இன் பத்தாம் அடுக்குதான். மெண்டலின் விகிதமும் நம் சூத்திரமும் ஒன்றுதான், எழுதிய விதம் மட்டுமே வேறு.

சின்ன a எங்கே போனது?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். மெண்டலின் வரிசையை மறுபடி பாருங்கள்: 1023 : 2 : 1023. கலப்பிணை ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. ஆனால் a எத்தனை இருக்கிறது? aa செடி ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 2046. Aa செடி இரண்டிலும் ஒவ்வொன்று, ஆக 2. மொத்தம் 2048. செடிகள் 2048 என்றால் மொத்த அல்லீல்கள் 4096. அதில் சரிபாதி a. தொடக்கத்திலும் சரிபாதிதான் இருந்தது!

a எங்கேயும் போகவில்லை. A-வும் போகவில்லை. ஒரே செடிக்குள் ஜோடியாக இருந்தவை, தனித்தனிச் செடிகளுக்குப் பிரிந்து போய்விட்டன. பாதியாவது கலப்பிணை நிலை. அல்லீலின் அளவு அல்ல. தேர்வுத்தேர்வு எதுவும் இல்லாத வரை தற்கருவுறுதல் அல்லீல் விகிதத்தை மாற்றாது, அவை செடிகளில் பங்கிடப்படும் விதத்தை மட்டுமே மாற்றும்.

இதன் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். சுருக்க மணிகளின் பங்கு முதல் தற்கருவுறுதலில் 25 விழுக்காடு. அடுத்ததில் 37.5. அதற்கடுத்து 43.75. இப்படி 50-ஐ நோக்கி ஏறிக்கொண்டே போகும். ஒடுங்கு பண்பு மறைவதற்குப் பதிலாக, முன்பைவிட அதிகமாக வெளியே தலைகாட்டுகிறது. இதை மனத்தில் வையுங்கள். சோளச் செடி ஏன் மெலிகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

ஆசிரியர்களே, இதைப் பத்து நிமிடத்தில் செய்து காட்டலாம். 32 மாணவர்கள் எழுந்து நிற்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு Aa செடி. ஒவ்வொருவரிடமும் இரண்டு 20 காசு நாணயம். ஒன்று மகரந்தம், ஒன்று சூல். தலை விழுந்தால் A, பூ விழுந்தால் a.

இரண்டையும் சுண்டச் சொல்லுங்கள். இரண்டும் தலை என்றால் AA, இரண்டும் பூ என்றால் aa. இவர்கள் தங்கள் எழுத்தைத் தாளில் எழுதிவிட்டு உட்காரலாம். ஒன்று தலை, ஒன்று பூ என்றால் Aa. நின்றுகொண்டே மறுபடி சுண்ட வேண்டும். முதல் சுற்றில் ஏறக்குறைய 16 பேர் நிற்பார்கள், பிறகு 8, 4, 2, 1.

எண்கள் அச்சு அசலாக வராது. 16-க்குப் பதில் 19 பேர் நிற்கலாம். அதையும் பாடமாக்குங்கள்: பாதி என்பது சராசரி, ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு தடவையும் நடக்கும் உத்தரவாதம் அல்ல. கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களில் AA எத்தனை, aa எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். a எங்கே போனது என்பதற்குப் பதிலை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இந்த விளையாட்டுக்கு வயலில் ஒரு நிஜப் பெயர் உண்டு. நெல், கோதுமை, சோயா போன்ற தானாகத் தற்கருவுறும் பயிர்களில், ஒவ்வொரு F2 செடியிலிருந்தும் ஒரே ஒரு விதையை எடுத்து நடுவார்கள். அது வளர்ந்ததும் அதிலிருந்து மறுபடி ஒரே ஒரு விதை. இப்படி F6 வரை போவார்கள். ஒற்றை விதை வழிமுறை என்று இதற்குப் பெயர். 200 செடிகளில் தொடங்கினால் கடைசியில் ஏறக்குறைய 200 வெவ்வேறு வழிகள் கையில் இருக்கும். ஒவ்வொரு மாணவரும் ஒரு வழி. கடைசியில் அவர் AA-வாகவும் உட்கார்ந்திருக்கலாம், aa-வாகவும் உட்கார்ந்திருக்கலாம்.

சோள வயலில் நடப்பது

சோளத்தில் இது அவ்வளவு சுலபமில்லை. ஆண் பூக்கள் செடியின் உச்சியில் கொண்டையாக இருக்கும். பெண் பூக்கள் நடுத்தண்டில், கதிருக்குள் இருக்கும். கதிரின் நுனியில் தொங்குகிற பட்டு நார் ஒவ்வொன்றும் ஒரு சூலோடு சேர்ந்தது. காற்றில் பறந்து வரும் மகரந்தம் அந்த நாரில் ஒட்டும். அதனால் சும்மா விட்டுவிட்டால் பெரும்பாலும் அயல் செடியின் மகரந்தம்தான் சேரும். தற்கருவுறுதல் வேண்டுமென்றால் மனிதர் கைவைக்க வேண்டும்.

வேலை இப்படி நடக்கும். பட்டு நார் வெளியே தலைகாட்டுவதற்கு முன்பே இளங்கதிரின் மேல் ஒரு சின்னப் பையை மாட்டிவிடுவார்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண். நார் வந்த பிறகு மாட்டினால் அயல் மகரந்தம் ஏற்கெனவே ஒட்டியிருக்கலாம்.

நார் வளர்ந்து தயாரானதும், மகரந்தம் தூவுவதற்கு முந்தைய நாள், கதிரின் நுனியை வெட்டிவிட்டுப் பையை உடனே மறுபடி மூடுவார்கள். அப்போதுதான் மறுநாள் நார்கள் எல்லாம் ஒரே நீளத்தில், தூரிகைபோல எழும்பி நிற்கும். அதே நாள் கொண்டையின் மேலும் ஒரு காகிதப் பையை மாட்டிக் கீழே இறுக்கி மடிப்பார்கள். சோள மகரந்தத்துக்கு ஆயுள் குறைவு. வேறு செடியிலிருந்து பறந்து வந்து கொண்டையில் படிந்திருந்த மகரந்தம் இரவுக்குள் செயலிழந்துவிடும். காலையில் பையில் விழுவது அந்தச் செடியின் சொந்த மகரந்தம்.

மறுநாள் காலை, பனி காய்ந்த பிறகு, கொண்டையை வளைத்துப் பையைத் தட்டி மகரந்தத்தைச் சேர்ப்பார்கள். கதிரின் பையை ஒரு நொடி திறந்து தூவிவிட்டு, கொண்டையிலிருந்து எடுத்த அதே காகிதப் பையைக் கதிரின் மேல் மாட்டித் தண்டோடு இறுக்கிவிடுவார்கள். பையின் மேலேயே செடியின் எண்ணும் தேதியும் எழுதப்படும். அறுவடை வரை அந்தப் பை அங்கேயே இருக்கும்.

அறுவடையான ஒவ்வொரு கதிரின் மணிகளும் அடுத்த பருவத்தில் தனி வரிசையாக நடப்படும். ஒரு கதிருக்கு ஒரு வரிசை. வரிசைகளைப் பார்த்து, நோயுள்ளவற்றையும் சாய்ந்து விழுபவற்றையும் கழித்துவிட்டு, நல்ல வரிசையில் நல்ல செடிகளை மறுபடி பை மாட்டித் தற்கருவுறச் செய்வார்கள். இப்படி ஆறு, ஏழு தலைமுறை.

செடி மெலிகிறது, பிறகு நின்றுவிடுகிறது

பட்டாணிக்கும் நெல்லுக்கும் தற்கருவுறுதல் பழகிப்போன ஒன்று. சோளத்துக்கு அது அதிர்ச்சி. இதை நெருங்கிக் கவனித்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஷல். நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் சோளத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தற்கருவுறச் செய்து, 1908-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். செடிகள் குட்டையாயின, கதிர்கள் சிறுத்தன. ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. ஒவ்வொரு வழிக்குள்ளும் செடிகள் ஒன்றுபோல ஆகிக்கொண்டே வந்தன. ஒரு வழிக்கும் இன்னொரு வழிக்கும் இடையே வேறுபாடு தெளிவாகிக்கொண்டே வந்தது. இப்படிப்பட்ட இரண்டு வழிகளைக் கலந்தபோது இழந்த வீரியம் திரும்பி வந்தது, அதுவும் வயல் முழுக்க ஒரே சீராக!

மெலிவதற்குக் காரணத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். திறந்த வெளியில் வளரும் சோளத்தில் தீமை தரும் ஒடுங்கு அல்லீல்கள் நிறைய ஒளிந்திருக்கும். கலப்பிணையில் அவற்றை ஓங்கு வடிவம் மறைத்துவிடும். தற்கருவுறுதல் அந்தப் போர்வையை விலக்குகிறது. முதல் தலைமுறை வரிசைகளிலேயே பச்சையமே இல்லாத வெள்ளை நாற்றுகள் முளைப்பது உண்டு. விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் அவை செத்துவிடும்.

மெலிவின் வேகத்தையும் நம் சூத்திரத்தை வைத்தே ஊகிக்கலாம். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: F1 செடியின் உயரம் 240 சென்டிமீட்டர், முழுக்கத் தூய்மையான வழிகளின் சராசரி உயரம் 160. வித்தியாசம் 80. உயரம் கலப்பிணை அளவோடு நேர்விகிதத்தில் இறங்கினால், F2-வில் 200, F3-இல் 180, F4-இல் 170, F5-இல் 165. முதல் அடியே பெரிய அடி. பிறகு வரவரச் சின்னதாகி, கடைசியில் நின்றுவிடும். கலப்பிணை தீர்ந்த பிறகு இழப்பதற்கு மேற்கொண்டு எதுவும் இல்லை. எத்தனை தலைமுறை தற்கருவுறச் செய்தாலும் செடி மேலும் மேலும் மெலிந்துகொண்டே போகும் என்று மாணவர்கள் எழுதினால், இந்த எண்களைக் காட்டுங்கள்.

எப்போது “தூய வழி” என்று சொல்லலாம்?

சூத்திரத்தின்படி கலப்பிணை ஒருபோதும் பூச்சியமாவதில்லை. அப்படியானால் எங்கே நிறுத்துவது? இங்கே இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் கேள்வி: ஒரு செடியில் சராசரியாக எத்தனை இடங்கள் இன்னும் கலப்பிணை? பெற்றோர் 100 மரபணு இடங்களில் வேறுபட்டால், F6-இல் அவற்றில் 3.125 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 3 இடங்கள்.

இரண்டாவது கேள்வி: ஒரு செடி எல்லா இடங்களிலும் ஒத்திணையாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஓர் இடம் ஒத்திணையாக இருக்க வாய்ப்பு 31/32. எல்லா இடங்களும் அப்படி இருக்க வேண்டுமென்றால் அதைத் திரும்பத் திரும்பப் பெருக்க வேண்டும். 10 இடங்கள் என்றால்:

```
(31/32)^10 ≈ 0.73
```

100 இடங்கள் என்றால் ஏறக்குறைய 0.04. அதாவது 100 செடிகளில் 4 மட்டுமே முழுத் தூய்மை. 97 விழுக்காடு ஒத்திணை என்று கேட்டால் செடி தூய்மையாகிவிட்ட மாதிரித் தோன்றும். ஆனால் முழுக்கத் தூய்மையான செடி அரிது. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். மேலே செய்த பெருக்கல், 100 இடங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிரியும் என்ற அனுமானத்தில் செய்தது. சோளத்துக்கு 10 ஜோடிக் குரோமோசோம்கள்தான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மரபணுக்கள் கூட்டாகவே நகரும். அதனால் சராசரி 3.125 விழுக்காடு மாறாது. ஆனால் மீதமுள்ள கலப்பிணை துண்டு துண்டாகச் சில செடிகளில் சேர்ந்திருக்கும், வேறு சில செடிகள் 0.04 காட்டுவதைவிட அதிகமாகவே முழுத் தூய்மை பெற்றிருக்கும்.

நடைமுறையில் ஆறேழு தற்கருவுறுதலுக்குப் பிறகு, ஒரு வரிசையில் உள்ள செடிகள் எல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தால், அதை ஒரு வழியாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஏழாவது முறை 1/128, அதாவது 0.78 விழுக்காடு. முதல் தடவையாக ஒரு விழுக்காட்டுக்குக் கீழே. அவசரம் என்றால் இன்னொரு வழி உண்டு: ஒற்றைக் குரோமோசோம் தொகுதி மட்டுமே உள்ள செடியை உருவாக்கி, கோல்ச்சிசின் மருந்தால் அந்தத் தொகுதியை இரட்டிப்பாக்குவது. ஒரே தொகுதியின் இரண்டு பிரதிகள் என்பதால் எல்லா இடமும் ஒரே அடியில் ஒத்திணையாகிவிடும்.

தவறு நடந்திருந்தால் எப்படித் தெரியும்?

தூய வழியின் எதிரிகள் இரண்டு. ஒன்று, உள்ளே மிச்சமிருக்கும் கலப்பிணை. இன்னொன்று, வெளியிலிருந்து வந்த மகரந்தம்.

வெளி மகரந்தத்தைச் சில சமயம் கதிரிலேயே பிடித்துவிடலாம். சுருக்க மணி வழி ஒன்றைத் தற்கருவுறச் செய்கிறீர்கள். அது aa. கதிர் முழுக்கச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் ஏழெட்டு மணிகள் மட்டும் வழவழப்பாக இருந்தால்? அந்தச் செடியிடம் A கிடையாது. ஆகவே அது அயல் மகரந்தத்தில் வந்தது. சோள மணியின் உணவுத் திசுவும் கருவுறுதலில் பங்கு பெறுகிறது: தாயிடமிருந்து இரண்டு பங்கு, மகரந்தத்திடமிருந்து ஒரு பங்கு. அந்த ஒரு A போதும், மணி பூரித்துவிடும். அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிடலாம். ஆனால் பையில் எங்கோ இடைவெளி இருந்திருக்கிறது என்று பொருள். அதே வகையைச் சேர்ந்த அயல் மகரந்தமும் வந்திருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் கதிரையே கழிப்பதுதான் பாதுகாப்பு.

கதிரில் தப்பித்தது வரிசையில் மாட்டும். குட்டையான செடிகள் நிறைந்த வரிசையில் ஒன்றிரண்டு மட்டும் ஓங்கி, தடித்து நின்றால், அது பெரும்பாலும் கலப்படம். அயல் மகரந்தம் அந்தச் செடியை மறுபடி கலப்பிணையாக்கி வீரியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அனுபவம் இல்லாதவர் “இதுதான் நல்ல செடி” என்று அதையே தேர்ந்தெடுத்தால், ஆறு தலைமுறை உழைப்பு போயிற்று. கலப்படம் இல்லாத வரிசையிலும், எப்போதும் மிகத் தடித்த செடியையே தேர்ந்தெடுத்தால், நம்மை அறியாமலே கலப்பிணை அதிகமுள்ள செடியைக் காப்பாற்றுகிறோம். அப்போது கலப்பிணை பாதியாகக் குறையாமல், அதைவிட மெதுவாகக் குறையும்.

மிச்சக் கலப்பிணை வேறு மாதிரித் தெரியும். ஒரே கதிரிலிருந்து வந்த வரிசையில் ஏறக்குறைய கால் பங்குச் செடிகள் ஏதாவது ஒரு பண்பில் மட்டும் மாறியிருக்கும். நாரின் நிறமாகவோ இலையின் நிறமாகவோ இருக்கலாம். மற்றபடி உயரமும் வீரியமும் ஒன்றுதான். 3 : 1 விகிதம் தெரிந்தால், தாய்ச்செடி அந்த ஓர் இடத்தில் இன்னும் Aa-வாக இருந்தது என்று அர்த்தம். இதற்கு மருந்து இன்னும் ஒரு தற்கருவுறுதல்தான்.

இவ்வளவு கவனம் எதற்கு? இரண்டு தூய வழிகளைக் கலந்தால், ஒவ்வொரு விதையும் ஒரே மாதிரி F1. வயல் முழுக்க ஒரே உயரம், ஒரே நாளில் முதிர்வு. பெற்றோர் வழியில் கலப்பிணை மிச்சமிருந்தால், அது கொடுக்கும் மகரந்தமே இரண்டு வகையாகிவிடும். விவசாயி வயலில் ஒருசீர்மை கெடும். அந்த விவசாயி F1-இல் விளைந்த மணியையே மறுபடி விதைத்தால் என்ன ஆகும்? அது F2. கலப்பிணை பாதி, வீரியமும் அதற்கேற்ப இறக்கம். ஒவ்வொரு பருவமும் புது விதை வாங்க வேண்டியிருப்பதன் காரணம் இந்தச் சின்ன வரிக்குள்தான் இருக்கிறது.

பயிற்சி

1. Aa செடி மூன்று முறை தற்கருவுற்றால் aa-வின் பங்கு என்ன?
2. F1 முழுக்கக் கலப்பிணை. F5-இல் கலப்பிணை எத்தனை விழுக்காடு?
3. ஒரு வயலில் AA 50, Aa 40, aa 10 விழுக்காடு. இரண்டு முறை தற்கருவுறுதலுக்குப் பின் மூன்றும் எவ்வளவு? A-வின் விகிதம் மாறியதா?

விடைகள்:

1. கலப்பிணை ⅛. மீதி ⅞ சமமாகப் பிரியும். ஆகவே aa = 7/16.
2. நான்கு தற்கருவுறுதல், 1/16, அதாவது 6.25 விழுக்காடு.
3. Aa 40, 20, 10 என்று இறங்கும். குறைந்த 30 இரு பக்கமும் பதினைந்தாகச் சேரும். AA 65, Aa 10, aa 25. A-வின் விகிதம் முதலில் 50 + 20 = 70 விழுக்காடு; இப்போது 65 + 5 = 70. மாறவில்லை. காலம் போகப் போக இந்த வயல் AA 70, aa 30 என்ற நிலையை நெருங்கும். 50, 50 அல்ல. முடிவில் எங்கே போய் நிற்கும் என்பதைத் தொடக்க அல்லீல் விகிதம்தான் தீர்மானிக்கிறது.

மூன்றாவது கேள்வியை விளக்கிச் சொல்ல முடிந்த மாணவருக்கு, சின்ன a எங்கே போகிறது என்பதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.